முதல் வரியை எழுதியது யார்?

கேள்வி:

கணக்குத் தேர்வுக்காக மூன்று மாதமாகத் தயாராகிறேன். தீர்வுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 25 கணக்கு வரை பார்க்கிறேன். படிக்கும்போது ஒரு வரிகூடப் புரியாமல் போவதில்லை. தொகையிடல் பாடத்தை இரண்டு தடவை முடித்துவிட்டேன். ஆனால் மாதிரித் தேர்வுகளில் 41, 44, 43 என்றே நிற்கிறது. தேர்வு முடிந்து விடையைப் பார்த்தால் 'அட, இவ்வளவுதானா' என்று எரிச்சலாக இருக்கிறது. எனக்குக் கவனம் போதவில்லையா, வேகம் போதவில்லையா? கடைசி விடைத்தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

விடைத்தாளில் நீங்கள் இழந்த 57 மதிப்பெண்ணையும் முதலில் மூன்று குவியலாகப் பிரித்தேன். தொடவே தொடாத கேள்விகள், முதல் வரியிலேயே தவறான வழியில் இறங்கிய கேள்விகள், இரண்டிலுமாகப் போனது 34. சரியாகத் தொடங்கி நடுவில் நின்றதில் போனது 12. வழியெல்லாம் சரியாக இருந்தும் கூட்டலிலோ குறியிலோ சறுக்கியதில் போனது 11. கவனக்குறைவு என்று நீங்கள் சந்தேகப்படுவது இந்தக் கடைசிக் குவியல் மட்டும்தான். அதை முழுக்கச் சரிசெய்தாலும் 54தான் வரும். வேகத்துக்கும் இதே கதைதான். ஆறாவது கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதி அடித்திருக்கிறீர்கள். அந்த நேரம் கை மெதுவாக ஓடியதால் போகவில்லை, வேறு தெருவுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்ததில் போயிருக்கிறது.

அந்த ஆறாவது கேள்வியைப் பற்றித்தான் உங்களை அழைத்துக் கேட்டேன். பேசியதை அப்படியே இங்கே தருகிறேன்.

"ஆறாவது கேள்வி, ∫ x ln x dx. முதல் வரி என்ன எழுதினீங்க?"

"u = ln x-னு பிரதியிட்டேன், மேடம்."

"ஏன் அது?"

"ln x வந்தா அப்படித்தானே போடுவோம். புத்தகத்துல ∫ (ln x)/x dx அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டதும் என்ன ஆச்சு?"

"du = dx/x. அப்போ dx-க்குப் பதிலா x du. ஏற்கெனவே ஒரு x இருக்கு, இதையும் சேர்த்தா x². அதை u-வா மாத்தினா ∫ u e^(2u) du-னு வருது. முன்னைவிடக் கஷ்டமா தெரிஞ்சது, அடிச்சிட்டேன்."

"வீட்டுக்கு வந்து தீர்வைப் பார்த்தப்போ?"

"பகுதித் தொகையிடல். அந்த ஒரு வரிதான் தெரியல. மீதியை எல்லாம் நானே போட்டிருப்பேன்."

"அந்த இடத்துல ஏன் பகுதித் தொகையிடல்னு தீர்வுல எழுதியிருக்கா? பார்த்துச் சொல்லுங்க."

"இல்ல மேடம். 'பகுதித் தொகையிடல் மூலம்'னு மட்டும் இருக்கு."

தீர்வை எழுதியவர் எந்த வழி என்று யோசித்து முடிவெடுத்த பிறகுதான் முதல் வரியை எழுதுகிறார். யோசித்தது அவர் தலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தாளில் வருவது முடிவு மட்டும். அந்த இடத்திலிருந்துதான் நீங்கள் படிக்கத் தொடங்குகிறீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் உங்களுக்கு இருக்கும் வேலை, முந்தைய வரியிலிருந்து இது வருமா என்று பார்ப்பது மட்டுமே. அது ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி. இரண்டு தடவை முடித்த பாடத்தில் அதற்குப் பெரும்பாலும் ஆம் என்றுதான் வரும். புரிகிறது என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை, அந்த வேலை உங்களுக்கு உண்மையிலேயே நன்றாக வருகிறது. தேர்வு கேட்பது வேறு வேலை. அங்கே முந்தைய வரி என்று எதுவும் கிடையாது. அந்த 34 மதிப்பெண்ணும் அங்கேதான் கிடக்கிறது.

"மீதியை எல்லாம் நானே போட்டிருப்பேன்" என்றீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். பகுதித் தொகையிடல் என்று தெரிந்த பிறகும் எதை u என்று எடுப்பது என்ற இன்னொரு முடிவு காத்திருக்கிறது. u = ln x, dv = x dx என்று எடுத்தால் du = dx/x, v = x²/2. அப்போது

∫ x ln x dx = (x²/2) ln x − ∫ (x²/2)(1/x) dx = (x²/2) ln x − x²/4 + C.

ln x-ஐ வகையிட்டதும் அது 1/x ஆகி, பக்கத்தில் உள்ள x²-இல் ஒரு x-ஐத் தின்றுவிடுகிறது. அதனால்தான் u-வை இப்படி எடுப்பது வேலை செய்கிறது. மாற்றி, u = x என்று எடுத்தால் முதலில் ln x-இன் தொகையீடு தெரிந்திருக்க வேண்டும் (x ln x − x), பிறகு வலது பக்கத்தில் கேட்ட தொகையீடே மறுபடி வந்து நிற்கும். அதை இடது பக்கம் கொண்டுபோய் இரண்டால் வகுத்தால் அதே விடை கிடைக்கும். ஆக அதுவும் தவறான வழியில்லை, சுற்று வழி. நீங்கள் அடித்துவிட்ட ∫ u e^(2u) du-வும் அப்படித்தான்; அதன்மேல் பகுதித் தொகையிடலைப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இதெல்லாம் தீர்வுப் புத்தகத்தில் வராது. அது நேராகப் போன ஒருவரின் தடத்தை மட்டுமே காட்டும், எந்தத் திருப்பத்தில் எதைத் தள்ளினார் என்பதைக் காட்டாது.

சரி, ∫ (ln x)/x dx-க்குப் பிரதியிடலும் ∫ x ln x dx-க்குப் பகுதித் தொகையிடலும் என்று கணக்கைப் பார்த்தே எப்படிச் சொல்வது? ஒரு காரணியின் வகைக்கெழு இன்னொரு காரணியாகப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று தேட வேண்டும். ln x-இன் வகைக்கெழு 1/x. முதல் கணக்கில் அந்த 1/x அப்படியே நிற்கிறது, அதனால் பிரதியிட்டதும் ∫ u du என்று சுருங்கி (ln x)²/2 + C வருகிறது. இரண்டாவது கணக்கில் பக்கத்தில் இருப்பது x, வகைக்கெழு கிடைக்கவில்லை. நீங்கள் பார்த்தது ln x இருக்கிறது என்பதை. பார்த்திருக்க வேண்டியது ln x-க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை.

இதே பேச்சில் இன்னொரு சோதனையும் செய்தோம்.

"மூணு கணக்கு சொல்றேன். போட வேண்டாம், வழி மட்டும் சொல்லுங்க. ∫ x/(x²+1) dx."

"கீழே இருக்கிறதோட வகைக்கெழு 2x, மேலே x இருக்கு. பிரதியிடல். பாதி ln(x²+1)."

"∫ 1/(x²+1) dx?"

"அது சூத்திரம், tan⁻¹ x."

"∫ x²/(x²+1) dx?"

"...பகுதித் தொகையிடலா, மேடம்?"

"மேலேயும் கீழேயும் x-ஓட படி என்ன?"

"ரெண்டுமே 2. ஓ, வகுத்துடலாம். மேலே 1-ஐக் கூட்டிக் கழிச்சா 1 − 1/(x²+1). அப்போ x − tan⁻¹ x."

"இந்த வகைக் கணக்கு புத்தகத்துல போட்டிருக்கீங்களா?"

"பத்துக்கு மேல போட்டிருப்பேன். ஆனா அந்தப் பயிற்சித் தலைப்பே 'வகுத்துத் தொகையிடல்'னு இருந்துச்சு."

உங்கள் சிக்கலின் இரண்டாவது பாதி இந்தத் தலைப்பு. பகுதித் தொகையிடல் என்ற தலைப்பின் கீழ் 20 கணக்கு இருந்தால் எந்த வழி என்ற கேள்விக்கு 20 தடவையும் தலைப்பே பதில் சொல்லிவிடுகிறது. நீங்களே எழுதிப் போட்டுப் பார்த்தாலும்கூட வழியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி ஒருமுறையும் நடக்கவில்லை. மாதிரித் தேர்வின் வினாத்தாளில் தலைப்பு கிடையாது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு அதே கணக்குகளை நான்கு வகையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகை வகையாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63. பயிற்சி நேரத்தில் யார் நன்றாகச் செய்வதாகத் தெரிந்ததோ அவர்கள்தான் தேர்வில் விழுந்தார்கள். இந்த ஆய்வை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கீழே சொல்லும் முறைக்கு மாறினால் முதல் வாரத்தில் பாதிக் கணக்கு தப்பாகப் போகும். அதைப் பார்த்துவிட்டுப் பழைய வழிக்கே திரும்பிவிடாதீர்கள்.

தீர்வுப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, திறக்கும் விதம்தான் மாற வேண்டும். தீர்வை ஒரு அட்டையால் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் முதல் வரியையும் அதற்கு எதிரே ஏன் என்பதையும் எழுதுங்கள். இரண்டு நிமிடம் முயன்றும் வரவில்லை என்றால் அட்டையை ஒரே ஒரு வரி இறக்குங்கள். அதைப் பார்த்ததும் மறுபடி மூடிவிட்டு, அங்கிருந்து நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். மறுபடி நின்றால் மறுபடி ஒரு வரி. அட்டையை இறக்கிய ஒவ்வொரு இடத்திலும் உங்கள் தாளில் ஒரு கோடு போடுங்கள். கணக்கு முடிந்ததும் அந்தக் கோடுகளைப் பாருங்கள். எல்லாம் முதல் வரியில் விழுந்தால் வழியைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல், நடு வரிகளில் விழுந்தால் இயற்கணிதத்தில் சிக்கல். உங்கள் விடைத்தாளைப் பார்த்த வரையில் முக்கால்வாசி முதல் வரியில்தான் விழும்.

பலரும் முறை தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். கோடு விழுந்த கணக்கின் ஓரத்தில் "பகுதித் தொகையிடல் போட வேண்டும்" என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பால் பயனில்லை. அது அந்தக் கணக்கின் விடையைச் சொல்கிறதே தவிர, அடுத்த கணக்கை அடையாளம் காட்டுவதில்லை. எழுத வேண்டியது, கேள்வியில் இருந்த எந்த அடையாளம் இந்த வழியைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை. "ln x இருக்கிறது, பக்கத்தில் 1/x இல்லை, x-இன் அடுக்கு இருக்கிறது, அதனால் ln x-ஐ u-வாக எடு" என்று எழுதினால் அது ∫ x² ln x dx-க்கும் உதவும். "மேலே உள்ள படி கீழே உள்ள படிக்குச் சமம் அல்லது அதிகம், முதலில் வகு" என்பது இன்னொன்று. ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். கேள்வியை மட்டும் பார்த்து எழுத முடிந்த வாக்கியமா என்று சோதித்துக்கொள்ளுங்கள். தீர்வைப் பார்த்தால்தான் அந்த வாக்கியம் பொருந்தும் என்றால் அது அடையாளம் ஆகாது.

மூன்று நாள் கழித்து அந்தக் கணக்கை வெற்றுத்தாளில் அட்டையோ புத்தகமோ இல்லாமல் போடுங்கள். அன்றைக்கே மறுபடி போடுவதில் பெரிய பலனில்லை, தீர்வு கண்ணிலேயே நிற்கும். அதோடு சேர்த்துப் பார்வைக்கு அதேபோல இருந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும் இரண்டு கணக்குகளையும் போடுங்கள். ln x-க்கு என்றால் ∫ 1/(x ln x) dx, ∫ (ln x)/x² dx. முதலாவதில் 1/x பிரிந்து நிற்கிறது, பிரதியிட்டால் ln|ln x| + C வந்துவிடும். இரண்டாவது உங்களை ஏமாற்றப் பார்க்கும். 1/x இருப்பதுபோலத்தான் தெரியும், ஆனால் அதை du-வுக்குக் கொடுத்த பிறகும் இன்னொரு 1/x மிச்சம் நிற்கும். அதற்குப் பகுதித் தொகையிடல்தான் நேர்வழி, விடை −(ln x)/x − 1/x + C. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு "ln x வந்தால் பிரதியிடு" என்ற பழக்கம் தானாகவே உடைந்துவிடும்.

தலைப்பின் உதவியை எடுத்துவிடத் துண்டுச் சீட்டு போதும். நான்கு பயிற்சிகளிலிருந்து மூன்று மூன்று கணக்காகப் பன்னிரண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். பயிற்சி எண் சீட்டின் பின்பக்கம் மட்டும். கலைத்து ஒவ்வொன்றாக எடுத்து, 45 விநாடிக்குள் வழியையும் காரணத்தையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கணக்கைப் போடாதீர்கள். பன்னிரண்டுக்கும் ஒன்பது நிமிடம் ஆகும். அதன் பிறகு திருப்பிப் பாருங்கள். வழி சரியாக இருந்து காரணம் தவறாக இருந்தால் அதைத் தவறு என்றே எண்ணுங்கள், அது ஊகம். தப்பிய சீட்டுகளில் மூன்றை மட்டும் அன்றைக்கு முழுதாகப் போடுங்கள். வாரத்தில் நான்கு நாள் இப்படிச் செய்யலாம். ஆனால் அதே சீட்டுகளை மூன்றாவது தடவை எடுக்காதீர்கள். அதற்குள் எந்தச் சீட்டுக்கு எந்த வழி என்பது மனப்பாடம் ஆகிவிடும், மறுபடியும் பழைய பொய்யான சுலபம் வந்துவிடும். x-ஐ x³ ஆக்குங்கள், ln x-ஐ tan⁻¹ x ஆக்குங்கள், புதுச் சீட்டு எழுதுங்கள்.

முழுத் தீர்வைப் படிப்பதே தப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இதுவரை பார்க்காத ஒரு பாடத்தைத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று கணக்குகளுக்கு முழுத் தீர்வைப் படிப்பதுதான் சரி. அங்கே அட்டையை வைத்துக்கொண்டு தவிப்பதில் நேரம்தான் வீணாகும், வழிகள் என்னென்ன என்றே தெரியாதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நான்காவது கணக்கிலிருந்து அட்டை வரலாம். உங்கள் நிலையில் தொகையிடலுக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. மூன்றாவது தடவை அதே புத்தகத்தை முதலிலிருந்து படிக்கத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அதை விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 25 கணக்கு என்பது எட்டு அல்லது பத்தாகக் குறையும். அந்த எண்ணிக்கை குறைவதில் நஷ்டம் இல்லை. 25-இல் பெரும்பாலானவற்றை வேறொருவர் போட்டார், நீங்கள் சரிபார்த்தீர்கள்.

அடுத்த மாதிரித் தேர்வில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். விடைத்தாளை நான் பிரித்ததுபோல மூன்று குவியலாகப் பிரித்து, முதல் குவியலில் 34 என்ன ஆனது என்று பாருங்கள். அது 20-க்கு இறங்கி, நடுவில் நிற்பது 12-லிருந்து 20-க்கு ஏறியிருக்கலாம். மொத்தம் ஆறுதான் கூடியிருக்கும், ஆனால் நகர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்: முன்பு தொடாத கேள்விகளைத் தொடுகிறீர்கள், இப்போது நடுவில் சிக்குகிறீர்கள். அந்தச் சிக்கலுக்குத் துண்டுச் சீட்டு உதவாது. அதற்குப் பின்னங்களையும் அடுக்குகளையும் பிரித்தெழுதும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். முதல் குவியல் நான்கு வாரம் ஆகியும் அசையவே இல்லை என்றால் உங்கள் ஓரக்குறிப்புகளில் பத்தை எடுத்து அனுப்புங்கள். அவற்றில் எத்தனை கேள்வியைப் பற்றிப் பேசுகின்றன, எத்தனை விடையைப் பற்றிப் பேசுகின்றன என்று எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.